தகுதித் தாள்தானே என்று தமிழைத் தள்ளிவைக்காதீர்கள்



இந்த ஆண்டு மட்டும் நம் பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம், பாகூர் பக்கத்திலிருந்து ஏழெட்டுப் பிள்ளைகள் டிஎன்பிஎஸ்சி தேர்வு பற்றிக் கேட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். புதுச்சேரிக்கென்று தனியாகத் தேர்வாணையம் கிடையாது. கடலூர் நமக்குக் கூப்பிடு தூரம். தமிழ்நாட்டுத் தேர்வை நம் பிள்ளைகள் எழுதுவது புதிதல்ல. ஆனால் வந்தவர்களில் பாதிப்பேர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "சார், குரூப் 1-ல தமிழ்த் தாள் மார்க் ரேங்குக்குச் சேராதாமே. அப்ப அதைக் கடைசி ஒரு மாசத்துல பாத்துக்கலாமா?"

கூடாது என்பது என் கருத்து. ஏன் கூடாது, எத்தனை மணி நேரம் போதும் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். தேர்வு எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு போட்டித் தேர்வுகளில் தமிழைக் கட்டாயமாக்கி ஆணை போட்டது. அதன்பின் எல்லாத் தேர்விலும் தமிழ் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இல்லை. குரூப் 4-ல் மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ், 150 மதிப்பெண். தமிழில் 60 எடுக்காவிட்டால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். எடுத்துவிட்டால் அந்தத் தமிழ் மதிப்பெண் முழுவதும் தரவரிசைக்குச் சேரும். அங்கே தமிழ் பாதித் தேர்வு. படிக்கும் நேரத்திலும் பாதியைத் தமிழுக்குக் கொடுத்தால் தப்பில்லை.

குரூப் 1 வேறு. முதல்நிலைத் தேர்வில் தனித் தமிழ்த் தாள் கிடையாது. முதன்மைத் தேர்வில் நான்கு தாள். முதல் தாள் தமிழ்த் தகுதித் தாள்: பத்தாம் வகுப்புத் தரம், மூன்று மணி நேரம், 100 மதிப்பெண், விரிவாக எழுத வேண்டும். மற்ற மூன்றும் பொது அறிவுத் தாள்கள், தாளுக்கு 250. நேர்முகத் தேர்வு 100. ஆக 850-க்குத் தரவரிசை போடுகிறார்கள். அந்த 850-ல் தமிழுக்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை. ஆனால் தமிழில் 40 வாங்காதவரின் மற்ற மூன்று தாள்களும் திருத்தப்படாது. யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்விலும் இதே அமைப்புதான். அங்கே இந்திய மொழித் தாள் 300-க்கு, 25 விழுக்காடு வாங்கினால் போதும், அதுவும் தரவரிசைக்குச் சேராது.

"சேராது" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, நல்ல படிப்பாளி, இரண்டு ஆண்டு வேலைக்கே போகாமல் பொது அறிவு படித்தான். முதன்மைத் தேர்வு வரை போனான். தமிழ்த் தாளில் 40 வரவில்லை. தேர்வில் தோற்றதைவிட அவனுக்குப் பெரிய வருத்தம் வேறொன்று. மற்ற மூன்று தாளும் திருத்தப்படாததால் தன் பொது அறிவு விடைகள் எத்தனை மதிப்பெண் தேறும் என்பதே அவனுக்குத் தெரியாமல் போய்விட்டது. அடுத்த முறை எங்கே திருத்திக்கொள்வது என்று தெரியவில்லை. இரண்டு ஆண்டு உழைப்புக்கு ஒரு கணக்கும் மிஞ்சவில்லை.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது கூடுதல் ஆபத்து. தமிழ்நாட்டின் இட ஒதுக்கீடு தமிழ்நாட்டுப் பிரிவினருக்குத்தான். புதுச்சேரிச் சாதிச் சான்றிதழோடு போகிறவரை "ஏனையோர்" கணக்கில்தான் வைப்பார்கள். குரூப் 1-ல் ஏனையோருக்கு வயது வரம்பு 34, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 39. ஐந்து ஆண்டு குறைவு என்றால் அத்தனை வாய்ப்புகள் குறைவு. அதில் ஒன்றைத் தமிழில் கோட்டைவிட நம்மால் முடியாது. (அறிவிக்கை வரும்போது வயதையும் சான்றிதழ் விதியையும் நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.)

"வீட்ல தமிழ்தானே பேசறோம், நாப்பது வராதா?" என்று ஒரு பெற்றோர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் தாள் பேச்சையும் வாசிப்பையும் சோதிப்பதில்லை. மூன்று மணி நேரம் கையால் எழுதச் சொல்கிறது. நம் பகுதியில் தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைகள் பலர் மதிப்பெண்ணுக்காக மொழிப்பாடத்தில் பிரெஞ்சு எடுத்தவர்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு தமிழில் ஒரு பக்கம்கூட எழுதாதவர்கள் அதைவிட அதிகம். தட்டச்சிலும் குரல் பதிவிலும் பழகிய விரலுக்குப் பேனா பிடித்தால் ஒரு மணி நேரத்தில் வலி வந்துவிடுகிறது.

நடந்த ஒன்றையே சொல்கிறேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி. பிறகு நகரத்தில் ஆங்கில வழி, ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிரெஞ்சு, அப்புறம் பொறியியல். 2024 குரூப் 1 எழுதினாள். ஜூலை 13 முதல்நிலைத் தேர்வு. விடைக்குறிப்பை வைத்துப் பார்த்து, தேறிவிடுவோம் என்று தெரிந்ததும், முடிவு வரும்வரை காத்திராமல் அந்த வாரமே வந்தாள். முதன்மைத் தேர்வு டிசம்பர் 10 முதல் 13 வரை. நடுவே 150 நாள், அதாவது 21 வாரம்.

வந்ததும் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. பாடத்திட்டத்தில் உள்ள ஏழு பகுதிகளையும் வைத்து நானே ஒரு மாதிரித் தாள் தயாரித்து, கூடத்தில் உட்காரவைத்து மூன்று மணி நேரம் எழுதவைத்தேன். பகுதி மதிப்பெண் பிரித்தது என் கணக்கு, ஆணையத்தின் கணக்கு அல்ல. வந்த மதிப்பெண் இது:

மொழிபெயர்ப்பு 20-க்கு 7
சுருக்கி வரைதல் 10-க்கு 3
பொருள் உணர்திறன் 15-க்கு 10
குறிப்பிலிருந்து விரிவாக்கம் 10-க்கு 4
திருக்குறள் கட்டுரை 15-க்கு 0
அலுவல் கடிதம் 10-க்கு 3
மொழி அறிவு 20-க்கு 7
மொத்தம் 34

"நாப்பதுக்கு ஆறுதான் சார் குறையுது" என்றாள். நான் தாளைத் திரும்பக் கொடுத்து, ஒவ்வொரு விடைக்கும் எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதச் சொன்னேன். முதல் கேள்வியான மொழிபெயர்ப்பிலேயே 70 நிமிடம் போயிருந்தது. குறள் கட்டுரைக்கு நேரமே இல்லை, அதனால்தான் சுழியம். மூன்று மணி நேரம் என்றால் 180 நிமிடம், 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. 20 மதிப்பெண் பகுதிக்கு 36 நிமிடத்துக்கு மேல் கொடுத்தால் வேறு எதையோ பட்டினி போடுகிறோம்.

பிறகு இலக்கு. 40-ஐ இலக்காக வைக்கக் கூடாது. விரித்து எழுதும் தாளில் திருத்துபவருக்குத் திருத்துபவர் ஐந்தாறு மதிப்பெண் வேறுபடும். தேர்வு நாளில் ஒரு விடை சொதப்பினால் இன்னும் ஐந்து போகும். ஆகவே வீட்டில் 55 வர வேண்டும். அதே சமயம் 80-க்கும் போகக் கூடாது. 55-க்கு மேல் வாங்கும் ஒவ்வொன்றும் 850-ல் எங்கேயும் சேராத மதிப்பெண், பொது அறிவிலிருந்து திருடிய நேரம். தமிழ் ஆர்வத்தில் சங்க இலக்கிய வரலாறு முழுக்கப் படிப்பவர்களையும், குரூப் 4-க்கான தடித்தடி வினாவிடை நூல்களை இதற்காக வாங்குபவர்களையும் பார்க்கிறேன். ஆசிரியனாக மகிழ்ச்சிதான். ஆனால் இந்தத் தாளுக்கு அது உதவாது.

34-லிருந்து 55-க்கு எங்கிருந்து எடுப்பது? மலிவாகக் கிடைக்கும் இடத்திலிருந்து. எழுதாமலே விட்ட குறள் கட்டுரையில் எட்டு எடுக்கலாம். கடிதத்தில் நான்கு, சுருக்கத்தில் மூன்று கூட்டலாம். இதிலேயே 49. மொழிபெயர்ப்பில் நான்கும் மொழி அறிவில் மூன்றும் சேர்ந்தால் 56. இவ்வளவுதான் திட்டம்.

அவளுக்கு வேலை இருந்தது. வாரத்துக்கு 30 மணி நேரம் படிக்க முடிந்தது. அதில் பத்தில் ஒரு பங்கு, மூன்று மணி நேரம், தமிழுக்கு. செவ்வாய் முக்கால் மணி நேரம் மொழிபெயர்ப்பு. வியாழன் முக்கால் மணி நேரம் குறள். ஞாயிறு ஒன்றரை மணி நேரம் சுருக்கமும் கடிதமும், அதோடு முந்தைய வாரத் திருத்தங்களை மறுபடி எழுதுவது. மீதி 27 மணி நேரமும் பொது அறிவுக்கு. முதல் வாரத்திலிருந்தே இப்படித்தான். ஏனென்றால் எழுத்துப் பழக்கம் வாரத்துக்கு மூன்று மணி நேரமாக 21 வாரத்தில் வரும். அதே 63 மணி நேரத்தைக் கடைசி இரண்டு வாரத்தில் திணித்தால் கை ஓடாது, பிழையும் போகாது, பொது அறிவுத் திருப்புதலும் கெடும்.

இனி ஒவ்வொன்றிலும் என்ன கெடுகிறது என்று பார்ப்போம்.

மொழிபெயர்ப்பில் அவள் எழுதிய ஒரு வரி: "கடைசித் தேதிக்குப் பின் பெறப்பட்ட விண்ணப்பங்கள் மாவட்ட ஆட்சியரால் நிராகரிக்கப்பட்டுள்ளது." ஆங்கில வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்கிறாள். விண்ணப்பங்கள் என்று பன்மையில் தொடங்கி ஒருமையில் முடித்திருக்கிறாள். "கடைசி நாளுக்குப் பின் வந்த விண்ணப்பங்களை மாவட்ட ஆட்சியர் ஏற்கவில்லை" என்றால் முடிந்தது. நான் சொன்ன வழி: ஆங்கில வரியைப் படி, தாளை மூடு, அதை உன் பாட்டியிடம் எப்படிச் சொல்வாய் என்று யோசி, பிறகு எழுத்துத் தமிழில் எழுது. நான்கு வாரத்தில் "ஆல்", "பட்டுள்ளது" எல்லாம் பாதியாகக் குறைந்தன. 70 நிமிடம் 40 ஆனது.

சுருக்கி வரைதலில் எல்லோரும் செய்வது, பத்தியிலிருந்து நல்ல வரிகளாகப் பொறுக்கி ஒட்டுவது. அது சுருக்கம் ஆகாது. 150 சொல் கொடுத்தால் 50 சொல்லில் வர வேண்டும். பத்தி சொல்லும் முக்கியக் கருத்து மூன்றோ நான்கோ இருக்கும். அவற்றை ஓரத்தில் இரண்டிரண்டு சொல்லாகக் குறித்துக்கொண்டு, பத்தியைப் பார்க்காமல் சொந்த வாக்கியத்தில் எழுதி, கடைசியில் சொற்களை எண்ணிப் பாருங்கள். எடுத்துக்காட்டு, மேற்கோள், அடுக்கடுக்கான அடைமொழி எல்லாம் போய்விட வேண்டும். தலைப்பு வைக்க மறக்காதீர்கள்.

திருக்குறள் கட்டுரைக்குத் தலைப்புகளைப் பாடத்திட்டத்திலேயே கொடுத்துவிட்டார்கள். அன்பு, கல்வி, கேள்வி, ஒழுக்கம், வாய்மை, செய்நன்றி, வினைத்திட்பம், இனியவை கூறல் என்று ஏறத்தாழ இருபது. வாரத்துக்கு இரண்டு தலைப்பு என்றால் பத்து வாரத்தில் முடிந்துவிடும். தலைப்புக்கு ஒரு பக்கம்: அதிகாரம் என்ன சொல்கிறது, பிழையில்லாமல் எழுதத் தெரிந்த இரண்டு குறள், அரசு அலுவலகத்திலோ ஊரிலோ அது பொருந்தும் ஒரு நிகழ்ச்சி. இதற்குமேல் வேண்டாம். இந்த உழைப்பு வீண்போகாது. முதன்மைத் தேர்வின் மூன்றாம் தாளில் தமிழ்ச் சமூகம், பண்பாடு, மரபு என்று ஒரு பகுதி இருக்கிறது. குறள் படித்தது அங்கேயும் கைகொடுக்கும்.

கடிதத்தில் மதிப்பெண் போவது வடிவத்தில்தான். அனுப்புநர், பெறுநர், விளிப்பு, பொருள், பார்வை, செய்தி, இப்படிக்கு, இடம், நாள். இந்த வரிசை தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். செய்தி இரண்டு பத்தி போதும்: குறை என்ன, என்ன செய்ய வேண்டும். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். அவள் மாதிரிக் கடிதத்தில் தன் பெயரையும் பிள்ளையார்குப்பம் என்றும் எழுதியிருந்தாள். தேர்வில் இப்படிச் செய்யவே கூடாது. விடைத்தாளின் உள்ளே உங்களை அடையாளம் காட்டும் பெயரோ முகவரியோ குறியோ இருந்தால் விடைத்தாள் செல்லாததாகிவிடும். கேள்வியில் கொடுத்த பெயரையும் ஊரையும் மட்டும் எழுதுங்கள். பள்ளியில் நாங்கள் சொந்த முகவரி எழுதப் பழக்கிவிட்டதால், பழக்கதோஷத்தில் கை தானாக எழுதிவிடும். பயிற்சியிலேயே "அ.ஆ.இ." என்று எழுதிப் பழகுங்கள்.

மொழி அறிவில் பிழைகளைத் தனியே ஒரு நோட்டில் எழுதவைத்தேன். நூறு பிழை இருப்பதுபோலத் தெரியும். வகை பிரித்தால் நான்குதான்: வல்லினம் மிகும் இடம், ர-ற, ல-ள-ழ, ஒருமை பன்மை. ஒரு வாரத்துக்கு ஒரு வகையை மட்டும் கவனித்தால் போதும். நான்கையும் ஒரே நாளில் திருத்த முயன்றால் எதுவும் திருந்தாது.

இடையிடையே முழுத் தேர்வு வைத்துப் பார்க்க வேண்டும். நாங்கள் 1, 8, 14, 19 ஆகிய வாரங்களில் வைத்தோம். எட்டாம் வாரத் தேர்வுதான் முடிவெடுக்கும் இடம். அதில் 45-க்கு மேல் வந்தால் அதே மூன்று மணி நேரம் தொடரலாம். 40-க்குக் கீழே இருந்தால் அடுத்த ஆறு வாரத்துக்கு ஐந்து மணி நேரமாகக் கூட்ட வேண்டும். 60-ஐத் தாண்டிவிட்டால் பாதியாகக் குறைக்கலாம், ஆனால் நிறுத்தக் கூடாது. அவளுக்கு 46 வந்தது. பத்தொன்பதாம் வாரத்தில் 57. அப்போது கடிதத்தையும் கட்டுரையையும் முதலில் முடித்து, மொழிபெயர்ப்பைப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

இதில் ஒரு வரம்பு உண்டு. விரித்து எழுதிய விடையை எழுதியவரே திருத்த முடியாது. தன் பிழை தன் கண்ணுக்குப் பிழையாகத் தெரியாது. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டத்தான் வேண்டும் என்பதில்லை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார். கேட்டால் மறுக்க மாட்டார்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். பொது அறிவுத் தாள்களைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தினமும் எழுத்துப் பயிற்சி தானாகக் கிடைக்கிறது. அவர்கள் மொழிபெயர்ப்புக்கும் கடிதத்துக்கும் வாரம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். நான் மேலே சொன்ன மூன்று மணி நேரக் கணக்கு ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு.

அந்தப் பெண் தமிழ்த் தாளைத் தாண்டினாள். அந்த முறை பொது அறிவில் நேர்முகத் தேர்வுக்கு எட்டவில்லை. ஆனால் மூன்று தாளிலும் எவ்வளவு வாங்கினாள், எந்தத் தாள் காலை வாரியது என்று மதிப்பெண்ணோடு தெரிந்தது. இப்போது அந்தத் தாளைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறாள். முன்பு சொன்ன தம்பிக்கு இந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. தகுதித் தாளால் கிடைப்பது வேலை அல்ல, மற்ற தாள்கள் திருத்தப்படும் உரிமை. அதற்கு வாரம் மூன்று மணி நேரம் அதிகம் இல்லை என்பது என் கருத்து.

தமிழ்த் தாளே அநியாயம், ஆங்கில வழிப் பிள்ளைகளை ஓரங்கட்டுகிறது என்று உறவுகளில் சிலர் வாதிடுகிறீர்கள். கிராமத்து மனுவைப் படித்துப் பதில் எழுதப்போகும் துணை ஆட்சியருக்குப் பத்தாம் வகுப்புத் தமிழில் 40 கேட்பது எனக்கு அதிகமாகப் படவில்லை. மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பேசுவோம்.

முதன்மைத் தேர்வுக்குப் போகிற பிள்ளைகள் ஒரு சுருக்கமும் ஒரு கடிதமும் நோட்டில் கையால் எழுதி, படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எழுத எத்தனை நிமிடம் ஆனது என்றும் மேலே குறியுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் திருத்தி அனுப்புகிறேன். சிவப்புப் பேனா கையில்தான் இருக்கிறது.